தொண்ணூறில் அறுபது, நடுவில் ஒரு மஞ்சள் காமாலை

"காலேஜே பரவாயில்லைன்னு பரீட்சை எழுத விட்டுடுச்சு. பணம் குடுக்கறவங்களுக்கு மட்டும் என்னண்ணா?" எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் அம்மா கேட்ட கேள்வி இது. அன்றைக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் அட்டெண்டன்ஸ், ஸ்காலர்ஷிப் இரண்டும் பார்க்கும் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அம்மா கேட்டதை நூறு பெற்றோர் என்னிடம் நேராகவே கேட்டிருப்பார்கள். 'ரூல்ஸ் அப்படி' என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிடுவது அந்த மேசையில் சுலபம். அதே கேள்வி மாடிப்படி இறங்கி வீட்டு வாசலுக்கே வந்தால் அது நடக்காது.

விஷயம் இதுதான். அந்த அம்மாவின் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு தனியார் அறக்கட்டளை வருடத்துக்கு முப்பதாயிரம் ரூபாய் உதவித்தொகை தருகிறது. இரண்டு தவணை, நேராகக் கல்லூரிக் கணக்குக்கே போய்விடும். ஒற்றைப்படை செமஸ்டரில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலை நாட்கள் தொண்ணூறு. அவள் போனது அறுபது. 66.67 சதவீதம். 75க்குக் கீழே, 65க்கு மேலே என்பதால் கல்லூரி கண்டோனேஷன் கட்டணம் வாங்கிக்கொண்டு தேர்வு எழுத விட்டது. எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள். ஜனவரியில் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது: புதுப்பிப்புப் படிவத்தில் வருகை 75 சதவீதத்துக்குக் குறைவாக உள்ளதால் இரண்டாம் தவணை மறு பரிசீலனை வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.

கண்டோனேஷன் வாங்கினால் குறைந்த நாட்கள் கணக்கில் ஏறிவிடும் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். ஏறாது. தேர்வு எழுத அனுமதி, அவ்வளவுதான் அதன் எல்லை. கட்டணம் கட்டிய பிறகும் சான்றிதழில் 66.67 என்றுதான் வரும், முதல்வர் முத்திரையும் அந்த எண்ணின் மேல்தான் விழும். அறக்கட்டளை அலுவலகத்தில் அந்தப் படிவத்தைப் பார்ப்பவருக்கு இந்தப் பெண் படுத்த படுக்கையாகக் கிடந்தாளா, மெரினாவில் சுற்றினாளா என்று தெரிய வழியே இல்லை. படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. நன்கொடை கொடுப்பவர்களுக்கும் ஆடிட்டருக்கும் அவர் காட்ட வேண்டியது 75 என்ற எண். அதனால் நிறுத்தி வைக்கிறார். அவர் மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் கடிதத்தில் 'ரத்து' என்று இல்லை என்பதைக் கவனிக்கச் சொன்னேன். ரத்து என்றால் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் வேறு பிள்ளைக்குப் போய்விடும், திரும்பப் பெறுவது கடினம். நிறுத்தி வைப்பு என்றால் கோப்பு இன்னும் திறந்திருக்கிறது, பணமும் ஒதுக்கியபடியே இருக்கிறது. மார்ச் வரைக்கும்தான் இந்த நிலை. அறக்கட்டளைகள் வரிவிலக்கைக் காப்பாற்றிக்கொள்ள, அந்த நிதியாண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த ஆண்டே செலவழித்துக் காட்ட வேண்டும். மார்ச் நெருங்க நெருங்க, முடிவு ஆகாத தொகையை எந்தப் பக்கமாவது தள்ளிவிட்டுக் கணக்கை முடிக்கத்தான் எந்த அலுவலகமும் பார்க்கும். ஆகவே பிப்ரவரிக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் சர்டிபிகேட்

கொருக்குப்பேட்டையில், எங்கள் தெருவில், மஞ்சள் காமாலை வந்தால் யாரும் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்த வாடை வரும் வாரங்களுக்குப் பிறகு எந்த வீட்டிலாவது ஒருவருக்குக் கண் மஞ்சளாகும். அதற்கு முன் நாலைந்து நாள் வெறும் காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு. காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம். தண்ணீர் வழியாக வரும் ஹெபடைட்டிஸ் ஏ வகைக்கு இங்கிலீஷ் வைத்தியத்திலும் குறிப்பிட்ட மருந்து என்று எதுவும் இல்லை. ஓய்வும் சாப்பாடும்தான். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும், பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும். உடம்பைப் பொறுத்தவரை சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் காகிதம் என்று பார்த்தால், நாட்டு வைத்தியரிடம் போன நாட்களுக்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இந்தப் பெண்ணுக்கும் அதுதான் நடந்தது. செப்டம்பர் 2, திங்கட்கிழமை காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கண் மஞ்சள். சனி, ஞாயிறு நாட்டு மருந்து. 9ஆம் தேதி காலையில் எழுந்து நிற்க முடியவில்லை என்றதும் அக்காக்காரி ஆட்டோ வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அன்றைய ஓ.பி. சீட்டு இருக்கிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையும் இருக்கிறது: பிலிரூபின் 8.4. சாதாரணமாக 1.2க்கு மேல் போகக் கூடாத அளவு அது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சீட்டில் இரண்டு வாரம் ஓய்வு, மறுபடி வரவும் என்று எழுதியிருக்கிறார்கள். 23ஆம் தேதி போனபோது இன்னும் பத்து நாள் ஓய்வு. அக்டோபர் 3ஆம் தேதி மறு பரிசோதனையில் பிலிரூபின் 1.6க்கு இறங்கியிருந்தது. 4ஆம் தேதி கல்லூரிக்குப் போய்விட்டாள்.

ஆக, செப்டம்பர் 9க்கு முன்னால் இருக்கும் ஐந்து நாளுக்குக் காகிதம் இல்லை. அந்த அம்மாவுக்கு இதுதான் பெரிய கவலை. தெரிந்தவர் ஒருவர், செப்டம்பர் 1 முதல் தேதி போட்டு ஒரு மாதத்துக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். பாதிப் பணமும் கொடுத்தாகிவிட்டது. "பொய் ஒண்ணும் இல்லையேண்ணா, புள்ளைக்கு நெசமாவே உடம்பு சரியில்லைதானே?" என்றார். அந்த நியாயத்தை என்னால் சட்டென்று மறுக்க முடியவில்லை. நோய் உண்மை, நாளும் உண்மை, காகிதம் மட்டும் பொய்.

ஆனால் அலுவலகப் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் காகிதம் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஒரே பேனாவில், முழு மாதத்துக்கும், குணமான பிறகு எழுதின சான்றிதழ். கீழே 'நோயாளி என் சிகிச்சையில் இருந்தார்' என்ற வரி. கூடவே வேறொரு ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டு. இவர் சிகிச்சையில் இருந்தவள் அங்கே எதற்குப் போனாள் என்ற கேள்வி தானாகவே வரும். டாக்டர்கள் தாங்கள் கொடுக்கும் சான்றிதழ்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் கொடுத்தால் அவர் பதிவுக்கே ஆபத்து. சந்தேகப்படும் அலுவலகம் ஒரு போன் போட்டு, பதிவேட்டில் இந்த எண் எந்தத் தேதியில் இருக்கிறது என்று கேட்டால் போதும். அதன் பிறகு உண்மையான 8.4 பிலிரூபினையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மொட்டைமாடியில் போட்ட கணக்கு

'வேண்டாம்' என்று சொன்னால் போதாது. வேண்டாம் என்றால் அந்த ஐந்து நாளுக்கு என்ன செய்வது என்றும் சொல்ல வேண்டும். வகுப்பு ஆசிரியரிடம் நாள்வாரி வருகைப் பிரிண்ட் வாங்கி வரச் சொன்னேன். மொத்தச் சதவீதத்தை மட்டும் காட்டும் சான்றிதழால் இந்த வேலைக்குப் பயன் இல்லை. எந்தத் தேதியில் முழு நாள், எந்தத் தேதியில் அரை நாள் என்று வேண்டும். கல்லூரி மென்பொருளில் அது இருக்கும். கேட்டால் தருவார்கள், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

மொட்டைமாடியில் உட்கார்ந்து முப்பது நாளையும் அவளையே பிரிக்கச் சொன்னேன். நோயில் போனது செப்டம்பர் 2 முதல் அக்டோபர் 3 வரை. சனி, ஞாயிறு, மீலாது நபி, காந்தி ஜெயந்தி எல்லாம் கழித்தால் 22 வேலை நாட்கள். மீதி எட்டு? ஊரில் சித்தி மகள் கல்யாணத்துக்கு மூன்று. அரை நாள் ஆறு, சேர்த்தால் மூன்று. எங்கள் ரயில்வே கேட் மூடினால் சரக்கு வண்டி எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது; முதல் மணி நேரம் போனால் அந்தக் கல்லூரியில் அரை நாள் வெட்டிவிடுவார்கள். கடைசி இரண்டு நாளுக்கு அவளிடம் காரணமே இல்லை. "சும்மாதான் போகலை அங்கிள்" என்றாள். அவள் அம்மா முறைத்தார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. இரண்டு நாளைச் சும்மா என்று சொல்லத் தெரிந்தவள் மீதி நாளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

அப்புறம்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று அந்தத் தாளில் வந்தது. நோய் நாட்களை 'வந்ததாக' வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பதுதான் எல்லோரும் செய்வது. எந்த அலுவலகமும் அதற்கு ஒப்பாது, வராதவரை வந்தார் என்று எழுத முடியாது. அதற்குப் பதிலாக, அந்த நாட்களை மொத்தத்திலிருந்தே எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்றேன். தொண்ணூறில் 22 போனால் 68. அறுபதை 68ஆல் வகுத்தால் 88 சதவீதத்துக்கு மேல். நல்ல எண்தான், ஆனால் அதற்குள் காகிதமில்லாத ஐந்து நாளும் இருக்கிறது. சரி, அந்த ஐந்தை நாம் கேட்கவே வேண்டாம், காகிதம் உள்ள 17 நாளை மட்டும் எடு என்றேன். தொண்ணூறில் 17 போனால் 73. அறுபதை 73ஆல் வகுத்தாள். 82.19.

அவள் போன் கால்குலேட்டரில் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். அதே எண். ஐந்நூறு ரூபாய் சர்டிபிகேட் எந்த ஐந்து நாளுக்காகத் தேவைப்பட்டதோ, அந்த ஐந்து நாளைச் சாதாரண விடுப்பாகவே ஒத்துக்கொண்டாலும் 75ஐத் தாண்டி ஏழு சதவீதம் மிஞ்சுகிறது. பொய் சொல்வது தப்பா, இல்லையா என்று அந்த அம்மாவோடு நான் வாதாடவே வேண்டியிருக்கவில்லை. பொய்யால் லாபமில்லை என்று கணக்கே காட்டிவிட்டது. "குடுத்த இருநூத்தம்பது திரும்ப வராதுண்ணா" என்று மட்டும் சொன்னார். வரவில்லைதான்.

எல்லோருக்கும் இந்தக் கணக்கு இப்படி உதவாது. இதே பெண் அறுபதுக்குப் பதில் 52 நாள்தான் போயிருந்தால், 22 நாளையும் கழித்தால் 76 சதவீதம் வரும். காகிதமுள்ள 17ஐ மட்டும் கழித்தால் 71தான் வரும். அப்போது அந்த ஐந்து நாளுக்கு வேறு ஆதாரம் தேட வேண்டியிருக்கும். அன்றன்றைக்கே உண்டான ஆதாரமாக இருக்க வேண்டும்: வகுப்பு ஆசிரியருக்குக் காய்ச்சல் என்று அனுப்பிய வாட்ஸாப் செய்தி, தேதியோடு, துறையில் கொடுத்த விடுப்புக் கடிதத்தின் நகல், அந்த வாரம் வாங்கிய மாத்திரைக்கு மருந்துக்கடை பில். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பலவீனம்தான். ஆனால் பிறகு எழுதி வாங்கிய சான்றிதழைவிட இவற்றை நம்புவார்கள். நோய் இருந்த நாளிலேயே பிறந்த காகிதங்கள் அவை. இவளிடமும் செப்டம்பர் 3ஆம் தேதி அனுப்பிய ஒரு வாட்ஸாப் செய்தி இருந்தது. இணைத்தோம், ஆனால் அதை வைத்து எதையும் கேட்கவில்லை.

ஒரு பக்கக் கடிதம்

அவள் முதலில் எழுதி வைத்திருந்த கடிதம் இரண்டரைப் பக்கம். அப்பா இறந்தது, அம்மா வீட்டு வேலைக்குப் போவது, இந்தப் பணம் இல்லையென்றால் படிப்பே நின்றுவிடும் என்பது. எல்லாம் உண்மை. ஆனால் அவை உதவித்தொகை முதலில் கிடைத்தபோதே அவர்கள் கோப்பில் ஏறிவிட்ட உண்மைகள். இப்போது அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது வேறு: ஏன் குறைந்தது, அது முடிந்துவிட்டதா, இப்போது எப்படி இருக்கிறாள், என்ன கேட்கிறாள். வேண்டாத வரிகளை நான் அடித்தேன், அவள் திருத்தினாள், கடைசியில் நடுப்பகுதி இப்படி நின்றது:

"மொத்த வேலை நாட்கள் 90, நான் வந்தது 60. வராத 30 நாட்களில் 22 நாட்கள் மஞ்சள் காமாலையால். இவற்றில் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 3 வரையிலான 17 வேலை நாட்களுக்கு மருத்துவமனைச் சீட்டும் இரண்டு இரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் இணைத்துள்ளேன். செப்டம்பர் 2 முதல் 6 வரை காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்ததால் ஆவணம் இல்லை. அந்த ஐந்து நாட்களை நோய் விடுப்பாகக் கருதும்படி நான் கேட்கவில்லை. மீதி எட்டு நாட்கள் குடும்ப நிகழ்ச்சி, தாமத வருகை, சொந்தக் காரணங்கள். ஆவணமுள்ள 17 நாட்களைத் தவிர்த்துக் கணக்கிட்டால் என் வருகை 73க்கு 60, அதாவது 82.19 சதவீதம். நடப்பு செமஸ்டரில் இதுவரை 25 வேலை நாட்களில் 24 நாட்கள் வந்துள்ளேன். துறைத் தலைவர் கையொப்பமிட்ட பிரிண்ட் இணைப்பில் உள்ளது."

அதற்குக் கீழே கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதினோம்: நிறுத்தி வைத்த பதினைந்தாயிரம் ரூபாயை விடுவித்து, உதவித்தொகையைத் தொடர வேண்டும், முழுத் தொகையும் இப்போது முடியாது என்றால், ஏப்ரல் மாத வருகையைப் பார்த்த பிறகு விடுவித்தாலும் போதும். இரண்டாவது பாதியைச் சேர்க்க அவளுக்கு விருப்பமில்லை. குறைத்துக் கேட்பது போல் இருக்கிறதே என்றாள். எனக்குத் தெரிந்தவரை, மனுவைப் பார்ப்பவரிடம் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு வழி மட்டும் இருந்தால், பயத்தில் 'இல்லை'யின் பக்கம்தான் சாய்வார். நடுவில் ஒரு வழி வைத்தால் அதை எடுத்துக்கொண்டு மேலே அனுப்புவார்.

அறக்கட்டளை அலுவலகத்துக்கு அவளும் அம்மாவும் போனார்கள். நான் போகவில்லை, பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தால் கேள்வியெல்லாம் அவரிடம்தான் போகும். அங்கிருந்த மேடம் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அந்த ஐந்து நாளைத்தான் விரலால் தொட்டுக் கேட்டாராம்: "இதுக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கியிருக்கலாமே மா, எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?" இந்தப் பெண், "வாங்கியிருக்கலாம் மேடம், ஆனா அந்த டாக்டர்கிட்ட நான் போகவே இல்லை" என்றிருக்கிறாள். மேடம் ஒன்றும் சொல்லவில்லை, கால்குலேட்டரை எடுத்து 60, 73 என்று தட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாராம்.

மார்ச் முதல் வாரத்தில் பதில் வந்தது. உதவித்தொகை தொடரும். பாதித் தவணை, ஏழாயிரத்து ஐந்நூறு, உடனே கல்லூரிக் கணக்குக்கு. மீதி, ஏப்ரல் இறுதி வருகை 80 சதவீதம் இருந்தால். 75 என்று நினைத்திருந்தவளுக்கு 80 என்றதும் முகம் சுருங்கியது. எனக்கும் அது கொஞ்சம் கூடுதலாகத்தான் பட்டது. நோய் வந்ததற்கு ஐந்து சதவீத அபராதம் மாதிரி. ஆனால் அந்த நேரத்தில் அதை எதிர்த்து எழுத வேண்டாம் என்று சொன்னேன். காலை ஆறே முக்காலுக்கே கேட்டைத் தாண்ட ஆரம்பித்தாள். ஏப்ரல் கடைசியில் 91 இருந்தது. மீதிப் பணமும் வந்தது.

இருந்தாலும் எனக்குள் ஒன்று ஆறவில்லை. 9ஆம் தேதி அக்காக்காரி ஆட்டோ பிடிக்காமல் இருந்திருந்தால்? இன்னும் இரண்டு வாரம் கீழாநெல்லியே போதும் என்று வீட்டிலேயே இருந்திருந்தால்? உடம்பு அநேகமாக அப்போதும் குணமாகியிருக்கும். நோய் அதே நோய், நாட்களும் அதே நாட்கள். கையில் ஒரு காகிதமும் இருந்திருக்காது, நான் போட்ட கணக்கும் ஓடியிருக்காது. பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு நிறுத்தியது நிறுத்தியதுதான். காகிதம் உள்ளவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க எனக்குத் தெரியும். இல்லாதவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதைக்கு நான் தெருவில் சொல்வது ஒன்றே ஒன்று: கீழாநெல்லி கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கண் மஞ்சளான அன்றைக்கே ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

அறக்கட்டளைக்கும் ஒரு கடிதம் போட்டேன். புதுப்பிப்புப் படிவத்தில் வருகைச் சதவீதத்துக்குப் பக்கத்தில், நோயால் வராத நாட்கள் எத்தனை, அவற்றில் ஆவணமுள்ளவை எத்தனை, ஆவணமில்லாதவற்றுக்குத் துறைத் தலைவரின் குறிப்பு என்ன என்று மூன்று கட்டங்கள் சேர்க்கச் சொல்லி. கமிட்டியில் வைக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இந்த ஜூனில் மாடி வீட்டுப் பெண் புதுப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வருகைக்கு இன்னும் ஒரே கட்டம்தான் இருக்கிறது.